“அட்வான்ஸ் கூடுதலா போயிடுச்சு, மீதியைத் திருப்பி அனுப்புங்க”: வீடு வாடகைக்கு விடுபவர்கள் படிக்க வேண்டிய எச்சரிக்கை

வீடு வாடகைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்ட அன்றைக்கே ஒரு போன் வரும். வீட்டைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது என்பார். வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டார். டோக்கன் அட்வான்ஸ் இப்போதே அனுப்புகிறேன் என்பார். அனுப்பிய பிறகு, பதற்றத்தோடு மறுபடியும் கூப்பிட்டு, ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது, மீதியைத் திருப்பிப் போடுங்கள் என்று கெஞ்சுவார். நீங்கள் அனுப்பும் “மீதி” உங்கள் சொந்தப் பணம். அவர் உங்களுக்கு எதையும் அனுப்பியிருக்க மாட்டார்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் வீட்டு உரிமையாளர்களைக் குறிவைத்து நடக்கும் இந்த மோசடியை முதலிலிருந்து கடைசி வரை படிப்படியாகப் பார்ப்போம். எந்த இடத்தில் ஏமாறுகிறோம் என்பது புரிந்துவிட்டால், அந்த இடத்தில் நின்றுவிடலாம்.

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 16,000. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 48,000. உரிமையாளர் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். வங்கிக் கணக்கில் 71,340 ரூபாய் இருக்கிறது. சனிக்கிழமை மாலை போன் வருகிறது. பேசுபவர் மத்தியப் படையில் இருப்பதாகவும், சென்னை விமான நிலையத்துக்கு மாற்றலாகி வருவதாகவும், குடும்பம் செவ்வாய்க்கிழமை ரயிலேறுவதாகவும் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், அடையாள அட்டை, ஆதார், கேன்டீன் கார்டு எல்லாம் வந்து விழுகின்றன.

இந்த அட்டைகள் பல சமயம் அசலாகவே இருக்கும். வேறு ஒருவரிடம் ஏமாற்றி வாங்கிய படங்கள் அவை. அதனால் அட்டை உண்மையா பொய்யா என்று ஆராய்வதில் பயனில்லை. அட்டையில் இருப்பவர்தான் போனில் பேசுகிறாரா என்பதே கேள்வி. அதைப் போனில் தெரிந்துகொள்ள வழியில்லை. படையில் வேலை செய்கிறேன் என்ற கதையை அவர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. “டியூட்டியில் இருக்கிறேன், நேரில் வர முடியாது” என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். “எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்துதான் பணம் வரும், அங்கே முறை வேறு” என்றாலும் நம்பிவிடுவார்கள். உண்மையில் படையினர் சொந்தமாக வாடகைக்கு எடுக்கும் வீட்டுக்கு வாடகைப்படி அவர்களுடைய சம்பளத்தோடுதான் வரும். அட்வான்ஸைக் கொடுப்பது அவர்கள் கையிலிருந்துதான். இதே கதையை வெளிநாட்டில் இருக்கும் பொறியாளர், கப்பலில் இருப்பவர், மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் அப்பா என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: அவரால் நேரில் வர முடியாது, வேறு யாரையும் வீடு பார்க்க அனுப்பவும் மாட்டார்.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். உண்மையாகக் குடி வர நினைப்பவர் தண்ணீர் எப்படி, மெட்ரோ தண்ணீரா போரா, கரண்ட் யூனிட் எவ்வளவு, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று குடைந்து எடுப்பார். இவர் ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்குத் தேவை உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும், அந்தக் கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணும்தான். “அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குக் கொடுக்கணும்மா” என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

கணக்கு எண் எதற்கு என்பது அடுத்த படியில் தெரியும். முதலில் ஒரு ரூபாய் அனுப்புகிறார். இது நிஜமாகவே வரும். வங்கியிலிருந்து நிஜக் குறுஞ்செய்தியும் வரும். இருப்பு 71,341 ஆகிறது. “ஒரு ரூபா வந்துச்சாம்மா? சரியான அக்கவுண்ட்தானே? இப்ப டோக்கன் அஞ்சாயிரம் போடச் சொல்றேன், லைன்லயே இருங்க.” இரண்டு நிமிடம் கழித்து இப்படி ஒரு குறுஞ்செய்தி:

```
Dear Customer, Rs.50,000.00 credited to
your A/c XX4417 by IMPS. Ref 528811904376
```

கடைசி நான்கு எண்கள் சரியாக இருக்கின்றன. அவரிடம் நாமே கொடுத்த எண்கள்தான். செய்தியை அனுப்பியது வங்கி இல்லை. அவரோ, அவருடன் இருக்கும் இன்னொருவரோ சாதாரண கைபேசியிலிருந்து தட்டி அனுப்பியது. கணக்கில் இப்போதும் 71,341தான் இருக்கிறது.

உடனே குரல் மாறும். “ஐயோ அம்மா, அஞ்சாயிரத்துக்குப் பதிலா அம்பதாயிரம் அடிச்சுட்டாங்க. ஆபீஸ் பணம்மா, என் வேலை போயிடும். அஞ்சாயிரத்தை நீங்க வச்சுக்கோங்க, நாப்பத்தஞ்சை மட்டும் இந்த நம்பருக்குப் போட்டுடுங்க.” சில சமயம் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்றைக்கே பணம் கட்ட வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு சைபர் கூடிப்போவது நம் கைக்கும் நடக்கக்கூடிய தவறுதான். அடுத்தவர் பணம் நமக்கு எதற்கு என்று நினைக்கும் நல்ல மனசைத்தான் இந்த மோசடி குறிவைக்கிறது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது தவறு. இங்கே ஏமாறுபவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்தவர்.

அந்த அம்மா 45,000 அனுப்புகிறார். இருப்பு 26,341. அத்தோடு விட மாட்டார்கள். “வரலையே அம்மா, ஃபெயில்னு காட்டுது, உங்க பணம் தானா திரும்ப வந்துடும், இப்ப ஒரு இருபதாயிரமாவது இன்னொரு நம்பருக்குப் போடுங்க” என்பார்கள். போட்டால் மிச்சம் 6,341. அதன் பிறகு அந்த எண் அணைந்துபோகும்.

இந்த அழைப்பில் அவர் உங்களை ஒரு நிமிடம்கூட லைனை விட்டு இறங்க விடாததற்குக் காரணம், நீங்கள் கணக்கின் இருப்பைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். குறுஞ்செய்தி சொல்வது உண்மையானால் இருப்பு 1,21,341 என்று காட்ட வேண்டும். 71,341 என்று காட்டினால் பணம் வரவில்லை. அவ்வளவுதான் சோதனை. போனை வைத்துவிட்டு, வங்கியின் செயலியில் கணக்கு விவரத்தைத் திறந்து, கடைசி வரவு என்ன என்று பாருங்கள். செயலி பழக்கமில்லாதவர்கள் வங்கியின் மிஸ்டுகால் எண்ணில் இருப்பைக் கேட்கலாம். தெருமுனை ஏடிஎம்மில் மினி ஸ்டேட்மெண்ட் எடுக்கலாம். காலையில் பாஸ்புக் பதிந்துகொண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

குறுஞ்செய்தியிலேயே தெரியும் அடையாளங்களும் உண்டு. இந்தியாவில் வங்கிச் செய்திகள் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. பதிவு செய்யப்பட்ட எழுத்துப் பெயரிலிருந்துதான் வரும். முன்னால் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள் என்று அந்தப் பெயர் இருக்கும். 2025லிருந்து கடைசியில் -S, -T போன்ற ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. மேலே சொன்ன கதையில் ஒரு ரூபாய்க்கு வந்த செய்தி, அந்த அம்மாவுக்கு வழக்கமாக வங்கிச் செய்திகள் வரும் வரிசையிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஐம்பதாயிரத்துக்கு வந்தது புது எண்ணிலிருந்து, தனி உரையாடலாக நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தாலே வேறுபாடு கண்ணில் படும். வங்கியின் சின்னத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும், “பணம் அனுப்பப்பட்டது” என்று பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் இதே கணக்கில்தான் சேரும். அப்படிப்பட்ட படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் சொல்வார்கள். அந்த எண் உங்கள் கணக்கு விவரத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. செய்தி எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும், வழக்கமான வரிசையிலேயே வந்திருந்தாலும், கணக்கைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

முன்பெல்லாம் இதே ஆட்கள் வேறு வழியில் வருவார்கள். பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, யுபிஐயில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, “பின் நம்பர் போட்டால் பணம் வரும்” என்பார்கள். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது இன்னும் நடக்கிறது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்பது ஓரளவு மக்களுக்குத் தெரிந்துவிட்டது. கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்கும் தந்திரத்துக்கு அந்த விழிப்புணர்வு உதவாது. ஏனென்றால் இங்கே பணம் அனுப்புகிறோம் என்று தெரிந்தேதான் அனுப்புகிறோம். “திருப்பி அனுப்பு” என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. யுபிஐயில் நீங்கள் திருப்பி அனுப்புவது என்று தனியாக ஒன்று கிடையாது. வந்த பணத்தோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. அது உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவருக்குப் போகும் புத்தம்புது பட்டுவாடா.

அனுப்பும் முன் திரையில் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயர் வரும். அதைப் படியுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், திரையில் வேறொரு பெயர் இருக்கும். கேட்டால் “அது எங்க கேஷியர்” என்பார். பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இனி, பலருக்கும் தெரியாத வகை ஒன்று. கணக்கைப் பார்க்கிறீர்கள், 50,000 ரூபாய் நிஜமாகவே வந்திருக்கிறது. அப்படியானால் மீதியை அனுப்பிவிடலாமா? கூடாது. பணம் யார் பெயரிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். பேசுபவரின் பெயராக இருக்காது. வேறு ஊரில் வேறு யாரையோ ஏமாற்றி, அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்குத் தள்ளிவிட்ட பணமாக அது இருக்கலாம். நீங்கள் 45,000ஐ அவர் சொல்லும் மூன்றாவது எண்ணுக்கு அனுப்பினால், திருட்டுப் பணம் உங்கள் கை வழியாகச் சுத்தமாகிப் போய்விடும். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் காவல்துறை பணம் போன பாதையைத் தொடரும். முதலில் வந்து நிற்பது உங்கள் கணக்கில். ஒரு நாள் ஏடிஎம்மில் பணம் வராது. வங்கியில் கேட்டால், வேறு மாநிலக் காவல்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்பார்கள். சில சமயம் புகாருக்குள்ளான தொகையை மட்டும் நிறுத்திவைப்பார்கள், சில சமயம் கணக்கு முழுவதும் நிற்கும். பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாம் குற்றவாளி இல்லை என்பதைக் காட்டி முடக்கத்தை எடுப்பதற்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருக்கும்.

ஆகவே எதிர்பாராத பணம் வந்தால் அதைத் தொடாதீர்கள், செலவழிக்கவும் வேண்டாம். உங்கள் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இன்ன தேதி, இன்ன பரிவர்த்தனை எண், இவ்வளவு தொகை, எனக்கு உரியது அல்ல, அனுப்பியவரின் வங்கி மூலமாக வந்த கணக்குக்கே திருப்ப எனக்குச் சம்மதம். கடிதமாகக் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பவரிடம் இப்படிச் சொன்னால் போதும்: “சார், தப்பா வந்திருந்தா உங்க பேங்க்ல சொல்லுங்க. அவங்க எங்க பேங்க்கைக் கேப்பாங்க, நான் சம்மதம் எழுதிக் கொடுத்துட்டேன்.” நேர்மையானவர் இதற்கு ஒத்துக்கொள்வார், அல்லது அக்ரிமெண்ட் அன்றைக்கு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்பார். மோசடிக்காரர் கத்துவார், போலீஸில் சொல்வேன் என்பார். சொல்லட்டும், உங்கள் கடிதம் வங்கியில் இருக்கிறது.

காசோலையிலும் இது நடக்கும். உங்கள் கணக்கில் கூடுதல் தொகைக்குக் காசோலை போட்டுவிட்டு, ரசீதின் படத்தை அனுப்பி மீதியைக் கேட்பார்கள். காசோலை வங்கியில் விழுந்தது வேறு, பணமானது வேறு. பணமாகும் முன் அனுப்பினால், காசோலை திரும்பும்போது இழப்பு உங்களுக்குத்தான். அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அங்கே கேஷியர்ஸ் செக் போட்டால், அது உண்மையா என்று உறுதியாகும் முன்பே வங்கி பணத்தை எடுக்க அனுமதித்துவிடும். கணக்கில் பணம் “இருக்கிறது” என்றே காட்டும். போலிக் காசோலை என்று தெரிய வாரக்கணக்கில்கூட ஆகலாம், அப்போது முழுத் தொகையையும் வங்கி உங்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும். அதாவது, இருப்பைப் பார்த்தால் போதும் என்ற சோதனை காசோலைக்குப் பொருந்தாது.

முன்கூட்டியே செய்துவைக்கக்கூடியவை சில உண்டு. எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, வாடகை வாங்குவதற்கென்று தனிக் கணக்கு. அதில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கை மட்டும் கொடுங்கள். கணக்கில் இல்லாத 45,000ஐ யாரும் அனுப்பிவிட முடியாது. சேமிப்பு இருக்கும் முக்கியக் கணக்கை யுபிஐயில் இணைக்காமலே விடலாம், அல்லது தினசரி உச்சவரம்பைக் குறைத்துவைக்கலாம்; பல வங்கிகளின் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. அப்புறம், டோக்கன் அட்வான்ஸே வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். “வீட்டை வந்து பாருங்க, இல்லன்னா சென்னையில இருக்கிற உங்க ஆள் யாரையாவது அனுப்புங்க. அக்ரிமெண்ட் போடுற அன்னைக்கு அட்வான்ஸ் கொடுத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டால், இந்த ஆட்களில் பெரும்பாலானோர் மறுபடி கூப்பிட மாட்டார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஆகவே குடி வருபவர் ஒப்பந்தத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் எந்தச் சங்கடமும் இல்லை.

வீட்டில் வயதான பெற்றோர் பெயரில் விளம்பரம் போடுகிறீர்கள் என்றால் பிள்ளைகள் தங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆனால் பேச்சுவார்த்தையை நீங்கள் நடத்திவிட்டு, கணக்கு எண் மட்டும் அம்மாவுடையது என்று ஆக்கிவிடாதீர்கள். மோசடிக்காரர் அடுத்த நிமிடம் அம்மாவைக் கூப்பிட்டு, “உங்க பையன்கிட்ட பேசிட்டேன்மா” என்றுதான் தொடங்குவார்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அவரைத் திரும்பக் கூப்பிட்டு வாதாடி நேரத்தை இழக்காதீர்கள். நேராக 1930. இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் சேர்ந்த கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு. அதற்கு நிமிடங்கள் முக்கியம். கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கி, கணக்கு எண், அனுப்பிய நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பன்னிரண்டு இலக்க எண், பணம் போன யுபிஐ முகவரி. இரண்டு முறை அனுப்பியிருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் அன்றே தகவல் கொடுங்கள்.

வங்கி பணத்தைத் திருப்பித் தரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதியைப் பலர் சொல்வார்கள். அது உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். நிறுத்திவைக்கப்பட்ட தொகை இருந்தால், அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே போலிக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனில் அசல் செய்தி அனுப்பிய எண்ணோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலை அவர் தரப்பில் அழிக்கும் முன் பதிவிறக்கி வையுங்கள். அழைப்புப் பட்டியலையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டுக் கூப்பிடுபவர்களும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பணம் அனுப்பாமல் தப்பித்துவிட்டீர்கள் என்றாலும் அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது. பணம் இழக்காத, சந்தேகத்துக்குரிய அழைப்பையும் செய்தியையும் அங்கே தெரிவிக்கலாம். விளம்பரம் போட்ட தளத்திலும் அந்தக் கணக்கைப் புகார் செய்யுங்கள். உங்களிடம் முடியாமல் போனதும், அதே சீருடைப் படத்தோடு அவர் அடுத்த தெருவில் வீடு விளம்பரம் போட்டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.